பென்சிலால் எடுத்த இலக்கம்

காப்புறுதி முகவர் எங்கள் வீட்டுக்கு வந்தது சோளகக் காற்று வீசுகிற காலத்தில் ஒரு காலைப்பொழுதில். யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். கடலுக்கு நடுவே போட்ட றோட்டில் காற்று அடித்த அடியில் தலைமயிர் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உப்புப் பிடித்து விறைத்து நின்றது. அந்தக் கோலத்தில் கதிரையில் இருந்துகொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி இன்றைக்கும் ஞாபகம்.

"அக்கா, போட்டை எங்கை பாக் பண்ணுறனீங்கள்?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். மனிதர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"கராஜிலை," என்றேன்.

அவர் எழுதத் தொடங்கிவிட்டார். பிறகு நான்தான் பேனையைப் பிடித்து நிறுத்தி, படகைக் கரையோரம் நங்கூரம் போட்டுக் கட்டுவோம், காற்று மோசமென்றால் மணலில் இழுத்துவிடுவோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. வாகனத்துக்குக் காப்புறுதி விற்றுக்கொண்டிருந்தவரைக் கடலுக்கு அனுப்பினால் வேறு எப்படி இருக்கும்? சூடை மீனையும் நண்டையும் ஒரே விலைக்கு விற்கிற ஆளாகத்தான் எனக்கு அவர் பட்டார்.

இப்படிச் சொல்வதால் நான் என்ன ஆள் என்று விளங்கியிருக்கும். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் எங்கள் கரையில் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பிறப்புச் சான்றிதழ், மண்ணெண்ணெய் மானியம், வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைக்கு அனுப்புகிற கடிதம், எல்லாம் என் கையால்தான் போகும். நான் உயர்தரம் வரை படித்தவள். என் மனுசன் ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்து போனவர். பிறகு பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. படகு எனக்குச் சீதனமாக வந்தது, பதிவும் என் பேரில்தான். ஆகவே கடல் அவருடையது, கடதாசி என்னுடையது என்று வீட்டில் ஒரு ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கை நான் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டேன்.

முகவர் மூன்று விஷயங்களுக்குக் காப்புறுதி என்றார். படகின் உடல், எஞ்சின், வலை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெறுமதி போட வேண்டும். எந்த இழப்பு வந்தாலும் முதலில் ஒரு பங்கை நாங்களே தாங்க வேண்டும், மிச்சத்தைத்தான் கம்பனி தரும். வலை பழசாகப் பழசாகப் பெறுமதி குறையும். அதோடு, வலை படகோடு சேர்ந்து போனால்தான் காசு. கடலில் விரித்த வலையை இந்திய இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனால் ஒன்றும் இல்லை.

"அப்ப வலையை வீட்டுக்குள்ளை விரிச்சு வைக்கட்டோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கோபிக்கத் தெரியாத மனிதர்களை எனக்கு அறவே பிடிக்காது.

ஆனாலும் கையெழுத்து வைப்பது என்று முடிவெடுத்திருந்தேன். அதற்கு ஒரே காரணம் எங்கள் கரையின் சம்மாட்டி. மூன்று படகு வைத்திருக்கிற பெரிய மனிதர். படகு உடைந்து போனவர்களைத் தன் படகில் பங்குக்கு ஏற்றிக்கொள்வார். ஏறினவர்கள் பிறகு இறங்கியதில்லை. ஒரு காலத்தில் சொந்தப் படகில் போன எத்தனையோ பேர் இன்றைக்கு அவருடைய வலையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோயில் வாசலில் என்னைக் கண்டால், "என்ன பிள்ளை, மனுசன் சுகமோ, போட் சுகமோ?" என்று கேட்பார். இரண்டாவது கேள்விதான் அவருக்கு முக்கியம் என்று எனக்குத் தெரியும். என் மனுசன் அந்தப் படகில் ஒரு நாளும் ஏறக் கூடாது. காப்புறுதி எடுத்தது அதற்காகத்தான்.

எஞ்சின் பகுதிக்கு வந்ததும் முகவர் ஒரு மெல்லிய கடதாசியையும் பென்சிலையும் எடுத்தார். எஞ்சினில் அடித்திருக்கிற இலக்கத்தின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி, அந்தப் பதிவைப் படிவத்தோடு இணைக்க வேண்டுமாம். எங்கள் எஞ்சின் கொட்டிலில் தாங்கியில் கொழுவியிருந்தது. மனுசன் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். முகவர் குனிந்து உரசினார், கடதாசி கிழிந்தது. இன்னொன்று எடுத்தார், அதுவும் கிழிந்தது.

"இஞ்சை தாங்கோ," என்று வாங்கி நானே உரசினேன். ஒவ்வொரு இலக்கமும் அச்சடித்த மாதிரி வந்தது. பக்கத்தில் என் முத்தான கையெழுத்தில் அதைத் திரும்ப எழுதி, கீழே ஒப்பமும் வைத்தேன். எஞ்சின் இலக்கமும் உள்ள, படகின் பதிவுச் சான்றிதழின் பிரதியையும் கொடுத்தேன். அவர் இரண்டையும் சேர்த்துக் குத்தினார். இரண்டிலும் உள்ள இலக்கங்களை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்கு என் கையெழுத்தின் அழகைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அண்ணர் பக்கத்து வளவில் இருக்கிறார். அவரும் என் மனுசனும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே வகை எஞ்சினை, ஒரே குதிரைவலுவில் வாங்கியவர்கள். வாங்கின நாளிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றித்தான் ஓடுவார்கள். ஒன்று இருமினால் என் மனுசன் கழற்றித் துடைத்துச் சரிசெய்வார், அதுவரை மற்றது அண்ணரின் படகில் போகும். இன்றைக்கு எது யார் கொட்டிலில் என்று கேட்கிறவர் இல்லை. எங்கள் கரையில் அரைவாசி வீடுகளில் இதுதான் நடைமுறை. மச்சானின் எஞ்சினை எடுப்பதற்கு அனுமதி வாங்குகிற மனிதரை அங்கே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

அன்றைக்குக் கொட்டிலில் கொழுவியிருந்தது அண்ணரின் எஞ்சின். எங்களுடையது அண்ணரோடு கடலில் இருந்தது. ஆண்கள் இருவருக்கும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். எனக்கு இரண்டும் சாம்பல் நிற இரும்பு.

கட்டுப்பணம் கட்டி, பத்திரம் வந்து சேர ஒரு மாதம் பிடித்தது. அது வந்த நாளில் முற்றத்தில் மூன்று பெண்கள் படிவம் நிரப்ப வந்து குந்தியிருந்தார்கள். மனுசன் கடலால் வந்து, பத்திரத்தை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேரும், இதிலை..." என்று தொடங்கினார்.

"மீன் கையை எடுங்கோ முதல்," என்றேன். "உது வாசிக்கிற ஆக்களுக்கு அனுப்பினது. நீங்கள் போய் வலையைக் காயப்போடுங்கோ."

பெண்கள் சிரித்தார்கள். அவர் பத்திரத்தை மேசையில் வைத்து, விளிம்பில் பட்ட ஈரத்தை உடுத்திருந்த சாரத்தால் ஒற்றிவிட்டுப் போனார். நான் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மார்கழியில் வாடைக்காற்று சொல்லாமல் திரும்பியது. மனுசன் காலையில் வலையை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிற வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. காற்று படகைத் தூக்கிக்கொண்டுபோய்க் கல்லில் அடித்தது. முன்பக்க அணியத்துக்குக் கீழே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பின்பலகை பிய்ந்து எஞ்சினோடு ஆழத்துக்குப் போனது. வலையில் பாதி கடலோடு, மிச்சம் கல்லில் கிழிந்து தொங்கியது. பின்னால் வந்த அண்ணர்தான் மனுசனை ஏற்றி, படகின் உடலையும் கட்டி இழுத்து வந்தார். கடலட்டை பிடிக்கிற சுழியோடிகள் இரண்டு நாள் தேடினார்கள். எஞ்சின் அகப்படவில்லை.

மனுசன் உயிரோடு வந்தாரே என்று ஒரு இரவு அழுதேன். விடிந்ததும் கடதாசிகளை எடுத்தேன். பொலிஸில் முறைப்பாடு, கடற்றொழில் பரிசோதகருக்கு அறிவித்தல், மீனவர் சங்கத்தின் கடிதம், கம்பனிக்குத் தொலைபேசி. எல்லாம் ஒரே நாளில். அந்த வேகத்தை நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கம்பனியில் ஒன்று சொன்னார்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை படகில் கைவைக்கக் கூடாது. இதை இரண்டு ஆண்களுக்கும் விளங்கவைக்க நான் பட்டபாடு! உடைந்த படகை அப்படியே கரையில் போட்டுவைப்பது எங்களிடம் பெரிய அவமானம். நத்தார்ப் பாலன் பிறப்புக்கு முன்னம் ஒட்டிவிட வேண்டுமென்று அண்ணர் பைபர் துணியும் பசையும் வாங்கி வந்துவிட்டார். நான் படகுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக் காவல் இருந்தேன்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் உடைக்கவும் தெரியும், ஒட்டவும் தெரியும். பொறுத்திருக்கத்தான் தெரியாது," என்றேன்.

அங்கே வந்தார் சம்மாட்டி. வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். செத்த வீட்டுக்கு வந்தவர் முகம், பந்திக்கு வந்தவர் கண்.

"என்ரை போட்டிலை ஒராள் குறையுது பிள்ளை. காப்புறுதிக் காசு வந்து சேரேக்கை உங்கடை பேரப்பிள்ளையள் கடலுக்குப் போவினம்."

"என்ரை மனுசன் உங்கடை போட்டிலை ஏறார்," என்றேன். "எல்லாத்துக்கும் பத்திரம் இருக்கு. போட்டுக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு. நாங்கள் யோசிச்சு நடக்கிற ஆக்கள்."

கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகத்தான் சொன்னேன்.

மதிப்பீட்டாளர் வந்தது நாலு நாள் கழித்து. ஒல்லியான மனிதர், குரல் வெளியே வராது. ஒரு நாணயக் குற்றியை எடுத்துப் படகின் உடல் முழுவதும் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தேங்காய் வாங்க வந்தவரோ என்று அண்ணரிடம் முணுமுணுத்தேன். பிறகுதான் தெரிந்தது, வெளியே தெரியாமல் உள்ளே பிளந்த இடங்களை அவர் சத்தத்தில் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டிருந்தார் என்பது. நாங்கள் காணாத இரண்டு இடங்களை எங்களுக்குச் சாதகமாக எழுதினார். வலை வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்டார், கிழிந்த மிச்சத்தை எண்ணினார், அதையும் எழுதினார். பிறகு வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து இரண்டு கடதாசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா, பதிவிலை இருக்கிற எஞ்சின் இலக்கம் ஒண்டு. பத்திரத்திலை இருக்கிறது வேறை ஒண்டு. கடலிலை போனது எது?"

எனக்கு உடனே அந்த முகவரின் உப்புத் தலை ஞாபகம் வந்தது.

"உங்கடை முகவர் பிழையா எழுதியிருப்பார். அவருக்குப் போட் எங்கை நிக்குமெண்டே தெரியாது."

அவர் மெல்லிய கடதாசியை என் பக்கம் திருப்பினார். பென்சில் உரசல். பக்கத்தில் என் முத்தான எழுத்து. கீழே என் ஒப்பம். மேலே கூரையில் ஒரு காகம் நடக்கிற சத்தம் கேட்டது. வேலிக்கு அப்பால் அண்ணரின் கொட்டிலில், அந்தக் கடதாசியில் இருந்த அதே இலக்கத்தோடு, ஒரு எஞ்சின் பத்திரமாகக் கொழுவியிருந்தது.

மதிப்பீட்டாளர் எழும்பினார். "நான் போட்டை இன்னொருக்கால் படமெடுத்திட்டு வாறன். யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா. பத்திரத்திலை உள்ள எஞ்சின் போயிருந்தால்தான் எஞ்சினுக்குக் காசு. போனது மற்றதெண்டால் அதுக்கு இல்லை. தெரியாமல் நடந்த பிழையெண்டு நான் எழுதினால் போட்டுக்கும் வலைக்கும் தருவினம். பொய் சொல்லிப் பிடிபட்டால் மூண்டும் போகும்."

அவர் வாசல் படலையைத் தாண்டினதும் அண்ணர் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, பத்திரத்திலை உள்ளது போகவேணும், அவ்வளவுதானே? என்ரையைக் கொண்டுபோய் ஆழத்திலை போடுறன். அப்ப நீ எழுதினது சரியாயிடும்."

"விசரே உங்களுக்கு?" என்று கத்தினேன். "நல்லா ஓடுற எஞ்சினை ஆரும் கடலிலை போடுவினமோ? பிறகு நீங்கள் என்னத்திலை கடலுக்குப் போவீங்கள்? பதிவிலை உள்ள எங்கடை எஞ்சின் எங்கையெண்டு கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?"

அவ்வளவு தூரத்துக்கு அண்ணர் யோசித்திருக்கவில்லை. தங்கச்சி எழுதினது பிழையாகப் போகக் கூடாது, அதற்கு மேல் அவர் மண்டையில் ஒன்றும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் இவ்வளவு காலமும் மொக்கன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வெட்கத்தை மறைக்க இன்னும் நாலு பேச்சுப் பேசினேன்.

மனுசன் கொட்டில் கப்புத் தூணோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மதிப்பீட்டாளர் திரும்பி வந்ததும் உண்மையைச் சொன்னேன். நேர்மைக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். மெய் என்னவென்றால், என்னை முட்டாள் என்று கண்டுகொண்ட மனிதர் கள்ளி என்றும் கண்டுகொள்வதை என்னால் தாங்க ஏலாது. அவர் எழுதிக்கொண்டார். "உங்கடை எழுத்து வடிவு அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனதாரத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல்.

மாசி மாதம் கம்பனியில் கையெழுத்து வைக்க யாழ்ப்பாணம் போனோம். படகின் உடலுக்கும் வலைக்கும் தந்தார்கள், எஞ்சினுக்கு இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டாள்.

"பத்திரம் வந்த உடனை இலக்கம் பிழையெண்டு ஒரு கடிதம் தந்திருந்தால் திருத்திக் குடுத்திருப்பம் அக்கா. இதுக்குக் காசுகூட எடுக்கிறேல்லை. வீட்டிலை ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?"

"வீட்டிலை வாசிக்கிற ஆள் நான் மட்டும்தான்," என்றேன்.

பஸ் பண்ணைக் கடல் றோட்டுக்கு வந்தபோது நான் முகவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தலையிலிருந்து தொடங்கி மோட்டார் சைக்கிள் வரை வந்துவிட்டேன். மனுசன் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"அந்த இலக்கம் மச்சான்ரை எண்டு எனக்குத் தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"பத்திரம் வந்த அண்டைக்கே. ரெண்டு எஞ்சின்ரை இலக்கமும் எனக்குப் பாடம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

கோபம் ஒன்றும் இல்லை அவர் முகத்தில்.

"சொல்ல வெளிக்கிட்டனான்," என்றார்.

மீன் கை, மூன்று பெண்களின் சிரிப்பு, சாரத்தால் ஒற்றிய ஈரம், எல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே வந்து நின்றன. பிறகும் எத்தனை மாதம் இருந்தது, ஒரு தரமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வந்தது. அத்தனை மாதமும் அவரோடு நான் எப்படிப் பேசினேன் என்பதை நினைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. வீடு வந்து சேரும்வரை முகவரையும் திட்டவில்லை.

படகை ஒட்டினார்கள், வலை வாங்கினோம், எஞ்சின் வாங்க வழி இல்லை. அண்ணரின் ஒரு எஞ்சின் இரண்டு படகுக்குப் போதாது. அடுத்த திங்கட்கிழமை காலையில் என் மனுசன் சோற்றுப் பார்சலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, சம்மாட்டியின் படகுக்குப் போனார். நான் கரையில் நின்றேன். சம்மாட்டியும் நின்றார்.

"காசு வந்ததாமே பிள்ளை?"

"ஓம், வந்தது. போட்டுக்கும் வலைக்கும்."

"எஞ்சினுக்கு?"

வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். முகவர் பிழையாக எழுதிவிட்டார் என்று சொன்னால் ஒருவரும் மறுக்கப்போவதில்லை. அந்தக் கதையை ஏற்கெனவே பாதிக் கரைக்கு நானே பரப்பியும் வைத்திருந்தேன்.

"அதின்ரை இலக்கத்தை நான்தான் பிழையா எழுதினனான்," என்றேன். "என்ரை மனுசனுக்கு அது தெரியும். நான்தான் சொல்ல விடேல்லை."

படகுக்குள் ஒரு காலைப் போட்டிருந்த மனுசன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மற்றக் காலையும் எடுத்து உள்ளே வைத்தார்.